சூப்பர்டிரெண்ட்: நிறம் மாறியதும் வாங்கலாமா? வாசகர் கேள்விகள்

ஒரே பங்கு, ஒரே 15 நிமிட சார்ட். என் ஆப்பில் சூப்பர்டிரெண்ட் கோடு ஏற்றம் என்று பச்சை, தம்பியின் ஆப்பில் இறக்கம் என்று சிவப்பு. எது சரி? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

முதலில் இரண்டு ஆப்பிலும் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். சிலவற்றில் 7, 3 என்றும் சிலவற்றில் 10, 3 என்றும் முன்பே போட்டிருப்பார்கள். முதல் எண் ஏடிஆர் எத்தனை கேண்டிலுக்கு என்பது. இரண்டாவது அதைப் பெருக்கும் எண். ஏடிஆர் என்பது ஒரு கேண்டில் சராசரியாக எத்தனை ரூபாய் ஆடுகிறது என்ற அளவு. எண்களை ஒன்றாக்கியும் கோடு ஒத்துவரவில்லை என்றால், ஒன்று வைல்டர் முறையிலும் மற்றொன்று சாதாரண சராசரியிலும் ஏடிஆரைக் கணக்கிடக்கூடும். இரண்டும் தவறில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதிலேயே இருங்கள்.

விலை கோட்டைத் தாண்டிக் கீழே போனது, நிறம் மாறவில்லை. அடுத்த கேண்டிலில் மாறியது. ஏன்? (நகரி வாசகர்)

நிறத்தை மாற்றுவது கேண்டில் முடியும் விலைதான். ஒரு உதாரணத்தில் பார்ப்போம்; செட்டிங் 10, 3.

கேண்டிலின் உச்சம் 812, அடி 804. நடுவிலை 808. ஏடிஆர் 6 என்றால் மூன்று மடங்கு 18. 808ல் 18 போக, பச்சைக் கோடு 790ல் விழுகிறது. பிறகு விலை இறங்கினாலும் இந்தக் கோடு இறங்காது. மேலே மட்டும்தான் நகரும். அடுத்து வந்த ஒரு கேண்டில் 789 வரை போய் 792ல் முடிகிறது. நிறம் மாறாது. அதற்கடுத்தது உச்சம் 794, அடி 786, முடிவு 788. இப்போதுதான் சிவப்பு.

மாறியதும் கோடு 790ல் நிற்காது, விலைக்கு மேலே தாவிவிடும். இந்த நேரத்தில் ஏடிஆர் சுமார் 6.4, நடுவிலை 790, கோடு ஏறக்குறைய 809ல் இருக்கும். அதாவது 788ல் விற்றால் ஸ்டாப்லாஸ் 21 ரூபாய் தள்ளி இருக்கிறது. பலரும் இதைக் கவனிக்காமல் நிறத்தைப் பார்த்த வேகத்தில் ஆர்டர் போடுகிறார்கள். 100 பங்கு என்றால் 2,100 ரூபாய் ஆபத்தில் இருக்கிறது.

சைட்வேஸ் சந்தையில் நிறம் மாறும் ஒவ்வொரு ஃபிளிப்பிலும் அடி வாங்குகிறேன். பெருக்கும் எண்ணை 5 ஆக்கலாமா? (குமுளி வாசகர்)

ஆக்கினால் ஃபிளிப் குறையும், ஆனால் ஸ்டாப்லாஸ் அதே அளவுக்குத் தூரமாகிவிடும்; ஒவ்வொரு தவறும் பெரிதாகும். எண்ணை மாற்றுவதைவிட எந்த ஃபிளிப்பை விடுவது என்று முடிவு செய்வதே பலன் தரும் என்பது என் கருத்து.

அதற்கு ஒரு மணி நேர சார்ட்டில் இதே செட்டிங்கைப் போடுங்கள். அங்கே பச்சை என்றால், 15 நிமிடத்தில் வரும் சிவப்பு, வாங்கியதை விட்டு வெளியேறச் சொல்கிறது. புதிதாக விற்கச் சொல்லவில்லை. ஒரு மணி நேரக் கோட்டைக் கடைசியாக முடிந்த கேண்டிலில் மட்டும் படியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கேண்டிலில் அது நடுவே மாறி, திரும்பவும் பழைய நிறத்துக்கே வந்துவிடலாம்.

இரண்டும் ஒரே நிறமானாலும் உடனே நுழைய வேண்டாம். மேலே சொன்ன உதாரணத்தில் ஃபிளிப் கேண்டிலின் அடி 786. அடுத்த மூன்று கேண்டிலுக்குள் ஒன்றாவது 786க்குக் கீழே முடிய வேண்டும். மூன்றும் அதற்கு மேலேயே முடிந்தால் அந்த ஃபிளிப்பை விட்டுவிடுங்கள். 785ல் முடிந்தது, கோடு இன்னும் 809ல் என்றால் தூரம் 24 ரூபாய். ஒரு டிரேடில் 1,000 ரூபாய்தான் இழக்கலாம் என்று வைத்திருந்தால் 41 பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. இதற்கு விலையும் உண்டு: சந்தை சட்டென்று ஒரே பக்கம் ஓடும் நாளில் சில ரூபாய் தாமதமாகத்தான் நுழைவீர்கள்.

காலை 9:15 கேண்டிலில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். கேப்போடு திறந்தால் அந்த இடைவெளியும் ஏடிஆரில் சேரும். ஏடிஆர் 6 இருக்கும்போது முதல் கேண்டிலின் ஆட்டம் 30 என்றால், 10 செட்டிங்கில் ஏடிஆர் 8.4 ஆகும், 7 செட்டிங்கில் 9.4 ஆகும். அந்த நேரத்தில் ஃபிளிப் வந்தால் கோடு வெகுதூரத்தில் போய் நிற்கும். முதல் இரண்டு கேண்டில் கழியட்டும்.

டிரேடிங்வியூவில் அலர்ட் வைப்பவர்கள் `Once Per Bar Close` என்பதைத் தேர்ந்தெடுங்கள். பைன் ஸ்கிரிப்ட் எழுதினால் பெருக்கும் எண் முதலில் வரும்:

```
[st, dir] = ta.supertrend(3, 10)
```

இதில் `dir` பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் ஏற்றம். பலர் தலைகீழாக எடுத்துக்கொண்டு விடுகிறார்கள்.

புற்றடி, போடி ஏல விலையை வைத்து ஏலக்காய்க்கு சூப்பர்டிரெண்ட் போட முடியுமா? (அதே வாசகர்)

முடியாது. ஸ்பைசஸ் போர்டின் அன்றாட ஏல அறிக்கையில் அதிகபட்ச விலையும் சராசரி விலையும் இருக்கும். குறைந்த விலையும் முடிவு விலையும் இல்லாமல் ஏடிஆரைக் கணக்கிட வழியில்லை. சராசரி விலையை வரிசையாக எழுதி ஒரு சாதாரண நகரும் சராசரி போட்டுப் பாருங்கள். அந்தத் தரவுக்கு அது போதும்.