நாள் முழுக்க நிற்கும் கால்களுக்கு யோகா

கேள்வி: சேலத்தில் துணிக்கடையில் வேலை. வயது 38, உடம்பு வளையவே வளையாது. சாயங்காலம் ஆனால் கால் கனத்துப் போகிறது. யோகா பேட்ச்சில் சேர்ந்தால் நிஜமாகவே ஏதாவது பலன் இருக்குமா?

இருக்கும். ஹஸ்தம்பட்டி பக்கம் வேலைக்குப் போகும் பெண்களுக்காகக் காலை 6 மணி பேட்ச் ஒன்று நடத்துகிறேன். கடை மூடி வீடு திரும்ப ராத்திரியாகிவிடும் என்பதால்தான் காலையில் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உங்களுடைய இதே கால்வலிதான்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அந்த வேலை நடக்காது. ரத்தம் கீழேயே தேங்கி, கணுக்கால் வீங்கி, செருப்புப் பட்டை பதிந்த தடம் தெரியும்.

அதனால் முதல் மாதம் தாடாசனத்தில்தான் ஆரம்பிப்போம். சுவரில் விரல் நுனி வைத்து, மூச்சை இழுத்தபடி குதிகாலைத் தூக்கி, விட்டபடி மெதுவாக இறக்க வேண்டும். பத்து தடவை போதும். இதைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டும் செய்யலாம். (2021 சட்டத் திருத்தப்படி கடையில் உங்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். கூட்டம் இல்லாதபோது தயங்காமல் உட்காருங்கள்.) இடுப்புக்கு, பூனை மாதிரி கையையும் முழங்காலையும் ஊன்றி முதுகை வளைத்து நிமிர்த்தும் மார்ஜாரி ஆசனம், முழங்காலுக்கடியில் மடித்த பெட்ஷீட் போட்டு. தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி உண்டு.

வகுப்பில் கற்றுக்கொண்டு ராத்திரி வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று: விபரீத கரணியின் எளிய வடிவம். சுவரோரம் ஒருக்களித்துப் படுத்து, அப்படியே திரும்பிக் கால்களைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். தொடையின் பின்புறம் இழுத்தால் இடுப்பைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், முழங்கால் லேசாக மடங்கட்டும். ஐந்து நிமிடம் போதும். பாதம் மரத்தால் உடனே இறக்கிவிட்டு, பக்கவாட்டில் திரும்பி எழுந்திருங்கள்.

வாரம் மூன்று நாள் வந்தால், ஒரு மாத வாக்கில் சாயங்காலக் கனம் குறைவதும் குனிந்து நிமிர்வது லேசாவதும் பலருக்குத் தெரிகிறது. எடை பெரிதாகக் குறையாது. புடைத்த நரம்பு இதனால் மறையாது. தைராய்டு, சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாக வலித்தால் வகுப்புக்கு வராதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அது ரத்தக் கட்டாக இருக்கலாம்.

முதல் வாரம் கட்டணம் இல்லை, பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சுடிதாரே போதும், பாய் இல்லாவிட்டால் கனமான ஜமுக்காளம் கொண்டு வாருங்கள். வெறும் வயிறு நல்லது, அரை டம்ளர் டீ குடித்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை. ரத்த அழுத்தம், கண் அழுத்தம், இதயக் கோளாறு, கர்ப்பம், சமீபத்திய ஆபரேஷன் எது இருந்தாலும் முதல் நாளே காதோரம் சொல்லிவிடுங்கள், சுவரில் கால் சாய்க்கும் பயிற்சியை டாக்டரைக் கேட்ட பிறகு வைத்துக்கொள்வோம்.