படி ஏறினால் மட்டும் முழங்கால் வலிப்பது ஏன்?

கேள்வி: வயது 48. சமதரையில் வலியில்லை, மாடி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. ஜெல் போதுமா?

இது பெரும்பாலும் முழங்கால் சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையே வரும் வலி. கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவதுபோல, தொடைத் தசையின் இழுப்பு சில்லின் வழியாகவே போகிறது. படி ஏறுகையில் அங்கே உடல் எடையைப்போல் சுமார் 3 மடங்கு அழுத்தம் விழும். எடையில் ஒரு கிலோ குறைந்தாலும் மூட்டுக்குப் பல கிலோ மிச்சம்.

தொடைத் தசை வலுப்பெற, காலை நீட்டி அமர்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலின் கீழ் வைத்து, முழங்காலால் அதை 5 விநாடி அழுத்துங்கள். 10 முறை, தினமும் இருவேளை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அலுப்பான வேலைதான். டைக்ளோஃபெனாக் ஜெல் அதுவரை வலியைத் தணிக்கும். தடவிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். வீக்கம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூட்டு தேய்ந்துவிடும் என்று பயந்து பலர் நடப்பதையே நிறுத்துகிறார்கள். அதனால் தசை மெலிந்து வலிதான் கூடுகிறது.