ஒரே வீட்டுக்கு மூன்று விலை: எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது?

கேள்வி: அப்பா 2022-இல் காலமானார். உயில் இல்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். ஸ்ரீரங்கத்தில் 1,800 சதுர அடியில் அப்பா 1989-இல் வாங்கிய வீடு. நானும் என் தம்பியும்தான் வாரிசுகள். அப்பாவைக் கடைசி ஆறு வருஷம் பார்த்துக்கொண்டது நான். தம்பி மனைவி அந்த வீட்டுக்குள் என்னை விடுவதேயில்லை. இப்போது "மதிப்பு 48 லட்சம்தான், உன் பாதி 24 லட்சம், அதை வாங்கிக்கொண்டு பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடு" என்கிறான் தம்பி. தரகர் 1 கோடியே 26 லட்சம் போகும் என்கிறார். கேட்டால், "பத்திரத்தில் 24 போடுவோம், மேலே கொஞ்சம் கையில் தருகிறேன்" என்கிறான். என் பங்கை ஒரு முதியோர் இல்ல அறக்கட்டளைக்கே எழுதிவிடலாமா, வரி விலக்காவது கிடைக்குமே என்றும் தோன்றுகிறது. அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகன், அப்பா இறந்த தேதிக்கு மதிப்பீடு எடுத்து வை என்கிறான். எந்த விலை சரி?

— வாசகி, திருச்சி

பதில்: அப்பாவை யார் பார்த்துக்கொண்டார்கள், தம்பி மனைவி எப்படி நடந்துகொண்டார் என்பதையெல்லாம் ஒதுக்கிவையுங்கள். உயில் இல்லாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சரிபாதி. நீங்கள் சேவை செய்ததால் உங்கள் பங்கு அதிகமாகாது, தம்பி செய்யாததால் அவர் பங்கு குறையவும் செய்யாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான்: இன்னும் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை.

மூன்று விலைகளும் ஒருவகையில் சரிதான். ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான பதில்.

தம்பி சொல்லும் 48 லட்சம் அநேகமாக வழிகாட்டி மதிப்பை வைத்துப் போட்ட கணக்கு. அது முத்திரைத் தீர்வை வசூலிக்க அரசு வைத்திருக்கும் எண். அதுவே சந்தை விலை ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டின் டான்சி நில வழக்கிலும் (2003) இதுதான் பேசப்பட்டது. உடன்பிறந்தவர்கள் பங்கு பிரித்துக்கொள்ள அது அளவுகோல் அல்ல.

தரகர் சொல்லும் 1 கோடியே 26 லட்சம், காலியான வீடு, வில்லங்கமில்லாத பத்திரம், மொத்தச் சொத்தும் ஒரே கையில், அவசரமில்லாத விற்பனை என்று நினைத்துச் சொல்வது. சதுர அடிக்கு 7,000 ரூபாய் என்று கேட்க ஆரம்பிக்கும் விலை, முடியும் விலை அல்ல. அதோடு நீங்கள் விற்கப்போவது வீட்டை அல்ல, பிரிக்கப்படாத பாதிப் பங்கை. உள்ளே தம்பி குடியிருக்கும்போது அந்தப் பாதியை வெளியாள் யாரும் 63 லட்சத்துக்கு வாங்க மாட்டார்.

உங்களுக்கு வேண்டியது இவை இரண்டும் அல்லாத வேறொன்று: பங்கு பிரிக்கும் இன்றைய தேதிக்கான நியாயமான சந்தை விலை. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை நீங்களும் தம்பியும் சேர்ந்து எழுத்தில் நியமியுங்கள். கட்டணத்தைப் பாதிப் பாதியாகக் கொடுங்கள். அறிக்கை வந்ததும் கடைசிப் பக்கத்துத் தொகைக்கு ஓடாமல் முதல் பக்கத்தைப் படியுங்கள். எந்த நோக்கத்துக்கு, எந்தத் தேதிக்கு, யார் கேட்டு எடுத்தது, காலியான வீடு என்று வைத்துக் கணக்கிட்டாரா என்பதெல்லாம் அங்கே இருக்க வேண்டும். "வங்கிக் கடனுக்காக" என்று போட்டிருந்தால் அது உங்களுக்கு உதவாது. அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களின் நகலை மட்டும் வைத்து விலை சொல்லியிருந்தாலும் எச்சரிக்கையாக இருங்கள். அவற்றில் பாதி வழிகாட்டி மதிப்புக்கே பதிவானவை என்பது ஊருக்கே தெரியும்.

உதாரணத்துக்கு அவர் மனை சதுர அடிக்கு 5,000, பழைய கட்டடம் தேய்மானம் போக 6 லட்சம் என்று போட்டால் மொத்தம் 96 லட்சம். உங்கள் பாதி 48 லட்சம். பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இனி, என்னிடம் வருகிறவர்கள் விழுகிற குழிக்கு வருகிறேன். "பத்திரத்தில் 24, மீதி கையில்."

45 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 21 லட்சம் ரொக்கமாக வருகிறது. அசையாச் சொத்துக் கைமாற்றம் தொடர்பாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. அபராதம் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு. அதாவது 21 லட்சமும் உங்கள் தலையில். இத்தனைக்கும் பத்திரத்தில் குறைத்துக் காட்டுவதால் மிச்சமாவது என்ன தெரியுமா? குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் வந்த உச்சவரம்புகள் இவை. 24 லட்சத்துக்கு 24,000, 45 லட்சத்துக்கு 40,000. வித்தியாசம் வெறும் 16,000 ரூபாய். அதற்காக 21 லட்சத்தைப் பணயம் வைக்கச் சொல்கிறார் உங்கள் தம்பி. விஷயம் தெரியாமல் சொல்கிறாரா, கணக்கில் வராத பணம் இருக்கிறதா என்பது எனக்கு வேண்டாத ஆராய்ச்சி.

அந்த 21 வராமலே போனால்? பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. "முழுப் பிரதிபலனும் பெற்றுக்கொண்டேன்" என்று பதிவான பத்திரம் இருக்கும்போது, வாய்மொழியாக வேறு தொகை பேசினோம் என்று நிரூபிப்பது மிகக் கடினம். விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக எந்த ஒப்பந்தமும் செல்லாமல் போகாது. மோசடி, தவறான தகவல் தந்து ஏமாற்றியது என்று காட்ட வேண்டும். அதையும் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் ரத்துக் கோரி வழக்குப் போட வேண்டும். ஆனால் 48 லட்சம் வழிகாட்டி மதிப்பு என்பது உங்களுக்கு இப்போதே தெரியும், என்னிடம் எழுதியும் கேட்டுவிட்டீர்கள். பிறகு ஏமாந்தேன் என்று எந்த நீதிமன்றத்தில் சொல்வீர்கள்?

உண்மை விலை போட்டால் வரி கட்ட வேண்டுமே என்பீர்கள். கட்டத்தான் வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு பங்கை விடுவதை வருமான வரித்துறை விற்பனையாகவே பார்க்கும். உண்மையான குடும்பத் தகராறைத் தீர்க்கும் ஏற்பாடு கைமாற்றமே அல்ல என்று தீர்ப்புகள் உண்டு. அந்த வாதத்தை வைத்துக்கொள்ளலாம், அதை நம்பிப் பணத்தைச் செலவழிக்கக் கூடாது.

இங்கேதான் உங்கள் சித்தி மகன் சொன்னது குழப்புகிறது. லாபம் கணக்கிட விற்ற தொகையிலிருந்து கழிக்கும் விலைக்கு அடக்க விலை என்று பெயர். அமெரிக்காவில் இறந்த தேதியின் சந்தை விலையே பொதுவாக வாரிசின் அடக்க விலை ஆகிவிடும், அதனால் அந்த மதிப்பீடு அங்கே உயிர்நாடி. இங்கே வாரிசுக்கு அப்பாவின் அடக்க விலைதான் வரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் அந்தத் தேதியின் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், அதுவும் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். 2022 தேதிக்கு எடுக்கும் அறிக்கை இந்தக் கணக்குக்கு உதவாது. 2001-இல் உங்கள் பாதி 4 லட்சம் என்று வைத்தால், 45-இல் 4 போக லாபம் 41 லட்சம். 12.5 சதவீத வரி 5,12,500 ரூபாய், அதன்மேல் 4 சதவீத செஸ். பழைய சொத்து என்பதால் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைச் சொல்லும்படி உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். வேறு வீடு வாங்கினாலோ, குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் முதலீடு செய்தாலோ வரி குறையும்.

தம்பிக்கும் ஒரு தகவல். நாளைக்கு அவர் வீட்டை விற்கும்போது, உங்கள் பாதிக்கு அவர் கொடுத்த விலையாகப் பத்திரத்தில் உள்ளதுதான் எடுபடும். 24 என்று போட்டால் அந்த 21 லட்சத்துக்கும் அவர் வரி கட்டுவார். இதைச் சொல்லிப் பாருங்கள், பல தம்பிகள் இங்கேதான் இறங்கி வருகிறார்கள்.

அறக்கட்டளை யோசனையை விட்டுவிடுங்கள். 80ஜி என்று எல்லோரும் சொல்லும் கழிவு பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு மட்டும்தான். வீடு, நகை, சாமான் எதைக் கொடுத்தாலும், எத்தனை லட்சத்துக்கு மதிப்பீடு எடுத்தாலும் கழிவு பூஜ்யம். தானமாகக் கொடுப்பதால் மூலதன லாப வரி வராது என்பது உண்மைதான். ஆனால் அறக்கட்டளை குடும்ப உறுப்பினர் அல்ல. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், உச்சவரம்பு கிடையாது. இந்த ஓரிடத்தில் வழிகாட்டி மதிப்புதான் கணக்கு. உங்கள் பாதி 24 லட்சம் என்றால் 2,16,000 ரூபாய். அதைக் கட்டிய பிறகும் அந்த முதியோர் இல்லத்துக்கு வீடு கிடைக்காது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்குக் கூட்டாகக் குடியேற உரிமையில்லை. அவர்கள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், நீதிமன்றம் போடும் மதிப்பில் உங்கள் தம்பியே வாங்கிக்கொள்ள 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் வழி செய்கிறது. ஆக, நீங்கள் தானம் செய்வது ஒரு வழக்கை.

பணம் வந்தபின் அதிலிருந்து கொடுங்கள். பழைய வரி முறையில் இருந்தால் வழக்கமாகப் பாதித் தொகைக்குக் கழிவு கிடைக்கும், அதற்கும் வருமானத்தை ஒட்டிய வரம்பு உண்டு. புதிய முறையில் இல்லை. இன்னொன்று, வீட்டுப் பங்கில் வரும் நீண்டகால மூலதன லாபத்தை இந்தக் கழிவு குறைக்காது. "பாதியைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன், வரியே வராது" என்று நினைத்திருந்த ஒருவர் நோட்டீஸோடுதான் என்னிடம் வந்தார்.

வழக்குப் போடலாமா? உங்கள் பலம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரிக்க முடியாத வீட்டில் பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர், விற்றுப் பணத்தைப் பங்கிடச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். நீங்கள் சரியாகப் பாதி. அப்போது தம்பி வாங்க விரும்பினால் நீதிமன்றம் மதிப்பிடும் விலையில்தான் வாங்க வேண்டும், வழிகாட்டி மதிப்பில் அல்ல. ஆனால் முதல்நிலைத் தீர்ப்பு, ஆணையர், இறுதித் தீர்ப்பு, மேல்முறையீடு என்று வருஷங்கள் போகும். உங்களை வீட்டுக்குள் விடாமல் அனுபோகத்திலிருந்து ஒதுக்கிவிட்டார் என்றால் பங்கின் சந்தை விலையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம், 48 லட்சத்துக்கு 1,44,000 ரூபாய், வழக்கறிஞர் கட்டணம் தனி.

அதனால் நேராகச் சொல்கிறேன். 63 லட்சக் கனவை விடுங்கள், 24 லட்சத்துக்கும் தலையாட்டாதீர்கள். கூட்டு மதிப்பீடு 96 லட்சத்தை ஒட்டி வந்தால் 44, 45-க்கு முடித்துக்கொள்ளுங்கள். முழுத் தொகையும் பத்திரத்தில் ஏற வேண்டும். வங்கி வரைவோலை எண்ணையும் தேதியையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வரைவோலை உங்கள் கைக்கு வந்தபின் சார்பதிவாளர் முன் கையெழுத்துப் போடுங்கள். "அன்பின் பேரில் விடுகிறேன்" என்ற வரி வரைவில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள், பணமே வாங்காமல் விட்டதுபோல் ஆகிவிடும்.