கயிற்றுச் சுருளைப் பிரிக்காமல் நீளம் கணக்கிடுதல்: 54 செ.மீ. சுருளில் எத்தனை மீட்டர்?

கேள்வி: தக்காளிக்குக் கொம்பு ஊன்றிக் கயிறு ஓட்டப் போகிறேன். 10 வரிசை, ஒவ்வொன்றும் 25 மீட்டர். இரண்டரை மீட்டருக்கு ஒரு கொம்பு. 6 மி.மீ. நைலான் கயிறு கையால் சுருட்டியபடி ஒரு சுருள் இருக்கிறது. வெளி விட்டம் 54 செ.மீ., நடு ஓட்டை 34 செ.மீ., எண்ணிப் பார்த்ததில் 172 சுற்று. கணக்குப் போட்டால் 292 மீட்டர் வருகிறது. 250 மீட்டருக்குத் தாராளம்தானே? வெட்ட ஆரம்பிக்கலாமா?

பதில்: இன்னும் வெட்ட வேண்டாம். உங்கள் சுருளில் சுமார் 238 மீட்டர்தான் இருக்கிறது. அதோடு, உங்களுக்குத் தேவைப்படுவதும் 250 மீட்டர் இல்லை, ஏறக்குறைய 277 மீட்டர். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

நீங்கள் 54 செ.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு கண்டு அதை 172-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். 172 சுற்றும் சுருளின் வெளி ஓரத்திலேயே ஓடியிருந்தால்தான் அந்தக் கணக்கு சரியாகும். ஓட்டையை ஒட்டி ஓடும் சுற்று 107 செ.மீ.தான் கயிறு வாங்கியிருக்கும். வெளி ஓரத்துச் சுற்று 170 செ.மீ. வாங்கியிருக்கும். மற்ற சுற்றுகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே படிப்படியாக ஏறிப் போகின்றன. ஆகவே எடுத்துக்கொள்ள வேண்டியது நடு விட்டம். வெளி விட்டத்தையும் ஓட்டையின் விட்டத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் அது கிடைக்கும்.

54-ம் 34-ம் சேர்ந்து 88, அதில் பாதி 44 செ.மீ. இதை 22-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் 138.3 செ.மீ. ஒரு சராசரிச் சுற்று வாங்கும் கயிறு இவ்வளவு. 172 சுற்றுக்கு 237.9 மீட்டர், அதாவது 238 என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டையின் விட்டத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருந்தால் 184 மீட்டர் என்று வந்திருக்கும். சுருள் தடிமனாக ஆக ஆக இந்த இடைவெளியும் பெருகும். ஒரே அடுக்காகச் சுற்றிய மெல்லிய கயிற்றில் எந்த விட்டத்தை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. உங்களுடையது 10 செ.மீ. தடிமன் என்பதால்தான் 54 மீட்டர் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது.

இனி, அளவு எடுத்த விதம் சரியா என்று பார்க்க வேண்டும். பலரும் சுற்றை எண்ணுவதில்தான் அக்கறை காட்டுவார்கள், விட்டத்தைக் கண்மதிப்பாக எடுத்துவிடுவார்கள். உங்கள் சுருளில் ஒரு சுற்றை எண்ண விட்டுப்போனால் நீளத்தில் 1.4 மீட்டர்தான் பிசகும். நடு விட்டத்தில் 1 செ.மீ. பிசகினால் அது 172 சுற்றிலும் சேர்ந்து 5.4 மீட்டர் ஆகிவிடும். எனவே விட்டத்தை மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள்.

சுருளைத் தரையில் சமமாகப் படுக்க வையுங்கள். ஆணியிலோ கொம்பிலோ தொங்கவிட்டு அளக்கக் கூடாது, பாரத்தில் நீள்வட்டமாகிவிடும். கட்டுப் போட்ட இடத்தில் சுருள் இறுகி ஒடுங்கியிருக்கும் என்பதால் இரண்டு கட்டுகளுக்கு நடுவே டேப்பைப் பிடியுங்கள். தளர்ந்து வெளியே துருத்தி நிற்கும் ஓரிரு சுற்றுகளைக் கணக்கில் சேர்க்காமல், கயிறு அடர்ந்திருக்கும் ஓரம் வரை மட்டும் அளக்க வேண்டும். ஒரு திசையில் அளந்த பிறகு அதற்குக் குறுக்காகவும் அளந்து இரண்டுக்கும் சராசரி எடுங்கள். ஒருபக்கம் 60, மறுபக்கம் 48 என்று வந்தால்கூட 54 என்ற சராசரி போதுமானது. அதைவிட அதிகமாகச் சப்பியிருந்தால் விட்டத்தையே விட்டுவிடுங்கள். தையல்காரர் டேப்பால் சுருளின் வெளி ஓரத்தைச் சுற்றி ஓர் அளவு, ஓட்டையின் உள் ஓரத்தை ஒட்டி ஓர் அளவு எடுங்கள். இரண்டுக்கும் சராசரி எடுத்தால் அதுவே ஒரு சுற்றின் நீளம். எந்த வடிவத்தில் கோணியிருந்தாலும் இது பொருந்தும்.

முழங்கையிலும் கட்டைவிரலிலுமாக மாற்றி மாற்றிச் சுற்றிய கட்டாக இருந்தால் வட்டக் கணக்கே வேண்டாம். இரண்டு முனையையும் பிடித்து இழுத்து நீட்டி, ஒரு மடிப்பிலிருந்து எதிர் மடிப்பு வரை அளந்து, அதை இரட்டித்துச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் போதும்.

எண்ணிக்கைக்கு வருவோம். கையால் சுருட்டியதில் உள்ளே இருக்கும் இழைகள் கண்ணுக்குத் தெரியாது. வெளியே தெரிவதை எண்ணி அடுக்கால் பெருக்கினால் தப்பாகிவிடும். ஒரே ஒரு கட்டை மட்டும் அவிழ்த்து, மற்றவை இறுக்கமாக இருக்கட்டும். அவிழ்த்த இடத்தில் இழைகளைப் பத்துப் பத்தாக விரலால் ஒதுக்கி, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு நூல் முடிச்சுப் போடுங்கள். எண்ணிக்கை மறந்துபோனாலும் முடிச்சுகள் சொல்லிவிடும். பிறகு எதிர்ப்பக்கத்திலும் இதே போல் எண்ணுங்கள். ஒரே திசையில் சுற்றிய சுருளில் இரண்டு இடத்து எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றுதான் வித்தியாசப்படும். அதற்கு மேல் மாறினால் எண்ணியதில் பிழை, அல்லது சுருட்டும்போது எங்கோ கயிறு திரும்பி மடங்கியிருக்கிறது.

எண்ணும்போதே கயிற்றின் முனைகளையும் தேடுங்கள். இரண்டு முனைக்கு மேல் தென்பட்டால் உள்ளே இருப்பது ஒரே கயிறு இல்லை, துண்டுகள். மொத்த நீளம் 238 மீட்டர் என்பது அப்போதும் உண்மைதான். ஆனால் 20 மீட்டர் துண்டு ஒரு வரிசைக்கு உதவாது, நடுவில் ஒட்டுப் போட வேண்டிவரும்.

இன்னொன்றையும் சோதியுங்கள். கட்டு அவிழ்த்த இடத்தில் சுருளின் குறுக்குவெட்டு எப்படித் தெரிகிறது? பிடி அளவில் உருண்டையாகவோ சதுரமாகவோ இருந்தால் நடு விட்டக் கணக்கு அப்படியே பொருந்தும். ஓட்டைப் பக்கம் பருத்து வெளிப்பக்கம் மெலிந்திருந்தால் பெரும்பாலான சுற்றுகள் சிறியவை, 238-ஐ விடக் குறையும். அப்போது சுருளை உள்பாதி, வெளிப்பாதி என இரண்டாகப் பிரித்து எண்ணுங்கள். உதாரணத்துக்கு உள் 5 செ.மீ. பட்டையில் 100, வெளி 5 செ.மீ. பட்டையில் 72 சுற்று என்று வைத்துக்கொள்வோம். உள்பட்டையின் நடு விட்டம் 39 செ.மீ., அதற்கு 122.6 மீட்டர். வெளிப்பட்டையின் நடு விட்டம் 49 செ.மீ., அதற்கு 110.9 மீட்டர். மொத்தம் 233.5 மீட்டர். நாலரை மீட்டர் குறைவு, அவ்வளவுதான். கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இவ்வளவு கவனமாக அளந்தாலும் கையால் சுருட்டியதில் 5 சதவீதம் இப்படியோ அப்படியோ போகலாம் என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். ஆக உங்கள் கயிறு 226-லிருந்து 250 மீட்டருக்குள் எங்கோ இருக்கிறது.

இப்போது தேவை. 25 மீட்டர் என்பது வரிசையின் நீளம். கயிறு கொம்புகளைத் தொட்டுக்கொண்டு நேராக ஓடினால் காய் பாரத்தில் சரிந்துவிடும், அதனால் ஒவ்வொரு கொம்பிலும் ஒரு சுற்றுச் சுற்றிப் போக வேண்டும். 6 செ.மீ. தடிமன் கொம்பு ஒரு சுற்றுக்கு 19 செ.மீ. வாங்கும். இரண்டரை மீட்டருக்கு ஒன்று என்றால் வரிசைக்கு 11 கொம்பு. இரு முனைகளையும் விட்டால் நடுவில் 9, அவற்றுக்கு 1.7 மீட்டர். முனைக் கொம்புகளில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட ஆளுக்கு அரை மீட்டர் வீதம் 1 மீட்டர். ஒரு வரிசைக்கு மொத்தம் 27.7 மீட்டர், 10 வரிசைக்கு 277. உங்கள் கொம்பு இதைவிடத் தடிமனாக இருந்தால் அதன் சுற்றளவை டேப்பால் அளந்து இந்த 19-க்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளுங்கள். உயரம் உயரமாக இரண்டு மூன்று கயிறு ஓட்டுவதாக இருந்தால் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இதே கணக்கு.

238-ஐ 27.7-ஆல் வகுத்தால் எட்டரை வரிசை. கயிறு 226 மீட்டராக இருந்தாலும் எட்டு வரிசை முழுதாக வரும், ஏனென்றால் எட்டுக்கு 222 மீட்டர் போதும். ஒன்பதாவது வரிசைக்கு 249 மீட்டர் வேண்டும். உங்கள் மதிப்பீட்டின் உச்சத்தில் இருந்தால்தான் அது கிடைக்கும், அதை நம்பிக் கொம்பு நடக் கூடாது.

இந்த ஐயத்தைத் தீர்க்க வழி இருக்கிறது. முதல் வரிசைக்கு வேண்டிய 27.7 மீட்டரைச் சுருளின் வெளி முனையிலிருந்து உருவி, டேப்பால் அளந்து வெட்டுங்கள். அந்தத் துண்டையும் மிச்சச் சுருளையும் தனித்தனியாக எடை போடுங்கள். துண்டு 637 கிராம், மிச்சம் 4.83 கிலோ என்று வந்தால், 4830-ஐ 637-ஆல் வகுத்து 27.7-ஆல் பெருக்க மிச்சம் 210 மீட்டர். துண்டையும் சேர்த்தால் 238. துண்டை எடைபோடுவதில் 10 கிராம் பிசகினால் 3 மீட்டர்தான் மாறும். வெறும் 5 மீட்டர் துண்டை மாதிரியாக எடுத்தால் அதே 10 கிராம் உங்களை 20 மீட்டருக்கு மேல் ஏமாற்றிவிடும். ஆகவே துண்டு நீளமாக இருக்கட்டும். கயிறு ஈரமாகவோ சேறு படிந்தோ இருந்தால் காய்ந்த பிறகு எடை போடுங்கள். தேங்காய் நார்க் கயிறு, சணல் கயிறு என்றால் இதில் இன்னும் கவனம் வேண்டும். மேலே காய்ந்திருந்தாலும் சுருளின் நடுவில் ஈரம் தங்கி எடையைக் கூட்டும்.

எடைக் கணக்கும் சுற்றுக் கணக்கும் 5 மீட்டருக்குள் ஒத்துப்போனால் அளவு சரி. பத்துப் பதினைந்து மீட்டர் விலகினால் முதலில் நடு விட்டத்தையும், அடுத்து எதிர்ப்பக்க எண்ணிக்கையையும் திரும்பப் பாருங்கள். அதன்படி எட்டு வரிசையை வெட்டி ஓட்டிவிட்டு, மிச்சத்தை நீட்டி அளந்து ஒன்பதாவது வரிசையை முடிவு செய்யுங்கள். மிச்சம் 16 மீட்டர் அளவில் இருக்கும். அதோடு புதுக் கயிறு சேர்ப்பதானால் ஒட்டு முடிச்சு இரண்டு கொம்புக்கு நடுவே தொங்காமல், ஒரு கொம்பின் மேலேயே வரும்படி வெட்டுங்கள். பத்தாவது வரிசைக்கும் சேர்த்துக் குறைந்தது 50 மீட்டர் புதுக் கயிறு எடுத்து வையுங்கள்.