லேபிள் ஒட்டினால் அனுப்பியதாகுமா?

கேள்வி: திருப்பூரிலிருந்து ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கிறேன். குடோன், பேக்கிங், கூரியர் எல்லாம் ஒரு லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு. தீபாவளி நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆர்டர்கள் தாமதம். ‘தாமதத்துக்கு அபராதம்’ என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கேட்டால், 98 சதவீதம் சரியாக அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். புதிய ஒப்பந்தத்தை எப்படி எழுதுவது?

பதில்: அவர்கள் பொய் சொல்லாமலும் இருக்கலாம். லேபிள் அச்சடித்ததுமே பல குடோன் மென்பொருள்களில் ஆர்டர் ‘அனுப்பப்பட்டது’ என்று மாறிவிடும். பெட்டி அதற்கப்புறம் இரண்டு நாள் தரையில் கிடந்தாலும் கணக்கில் தாமதம் வராது. ஆகவே சதவீதத்தைப் பேசும் முன், எந்தக் கணத்தில் கடிகாரம் நிற்கிறது என்று எழுதுங்கள்: “மதியம் 2 மணிக்குள் வந்த ஆர்டர், அன்று இரவு 9 மணிக்குள் கூரியர்காரரின் முதல் ஸ்கேனைப் பெற்றிருக்க வேண்டும்.” அந்த ஸ்கேன் பதிவே இறுதி ஆதாரம் என்றும், அதை நீங்களும் நேரடியாகப் பார்க்கலாம் என்றும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து அபராதம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும். நஷ்டத்தை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபிக்க வேண்டும். அது கடினமான இடத்தில்தான், முன்கூட்டியே நியாயமாக மதிப்பிட்ட தொகை அப்படியே கைகொடுக்கும். கைலாஷ்நாத் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. எனவே மிரட்டலுக்காக ‘தாமதத்துக்கு 1,000 ரூபாய்’ என்று போடாதீர்கள். தாமதத்தால் ரத்தாகும் ஆர்டர்களின் போக்குவரத்துச் செலவை, தாமதமான எல்லா ஆர்டர்களுக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு 25 ரூபாய் வருகிறது என்றால், அந்தக் கணக்கையே ஒப்பந்தத்தில் இணையுங்கள்.

மாதம் 4,000 ஆர்டர், இலக்கு 98 சதவீதம் என்று வையுங்கள். 80 தாமதம் வரை மன்னிப்பு. 200 தாமதமானால் மிகுதி 120. அதற்கு 3,000 ரூபாய். இதை அடுத்த மாத பில்லில் கழித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு என்று எழுதுங்கள். பின்னால் போய்க் கேட்டு வாங்குவது நடக்காத காரியம். மொத்தக் கழிவுக்கு பில்லில் 10 சதவீதம் என்று உச்சவரம்பு கேட்பார்கள், கொடுக்கலாம். ஆனால் சரக்கு தொலைவதும் சேதமாவதும் அந்த வரம்புக்குள் வரக்கூடாது.

தீபாவளிக்கு அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. திடீரென்று மூன்று மடங்கு ஆர்டர் வந்தால் எந்தக் குடோனும் திணறும். முந்தைய மாதம் 20ஆம் தேதிக்குள் நீங்கள் எதிர்பார்ப்பைக் கொடுக்க வேண்டும். அதைவிட 20 சதவீதத்துக்கு மேல் வருகிற ஆர்டர்கள் கணக்கில் சேராது என்று ஒப்புக்கொள்ளுங்கள். ‘பண்டிகைக் காலம் விலக்கு’ என்ற வரியை மட்டும் சேர்க்க விடாதீர்கள். உங்கள் விற்பனையே அப்போதுதானே?

கடைசியாக ஒன்று. கழித்த தொகையில் சண்டை வந்தால் சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். தகராறு எதுவானாலும், எழுத்தில் கேட்ட 7 நாளுக்குள் சரக்கை விடுவிக்க வேண்டும் என்ற பிரிவு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.