ஏழு வயசுப் பையனின் ஷூ, துணிக் கணக்கு

"பையனுக்கு ஏழு வயசு. ஜூன்ல வாங்கின ஷூ டிசம்பர்லயே கடிக்குது. வருஷத்துக்கு எவ்வளவு ஒதுக்கணும்?"

ஷூவுக்கு வருஷம் ரெண்டு ஜோடின்னு வெச்சுக்கோங்க. இந்த வயசுல பாதம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அதுக்காக ரெண்டு சைஸ் பெருசா வாங்கிப் பஞ்சு திணிக்காதீங்க. குதிகால் வழுக்கிப் பிள்ளை தடுக்கி விழுவான். சாயங்காலம் குதிகாலைச் சுவரோட ஒட்டி, தாள்மேல நிற்க வெச்சு அளங்க. நுனியில ஒரு சென்டிமீட்டர் இடம் இருந்தா போதும். ஜனவரியில மறுபடி அளந்து பார்த்துட்டு அடுத்த ஜோடி வாங்கலாம்.

யூனிஃபார்மைத் தைக்கக் கொடுக்கும்போதே பேன்ட் ஓரத்துல ரெண்டு இன்ச் உள்மடிப்பு விடச் சொல்லுங்க, வருஷம் முழுக்க ஓடிடும்.

எங்க வீட்டுல ஷூ ரெண்டு 1,400, செருப்பு 300, யூனிஃபார்ம் மூணு செட் 2,400, தீபாவளித் துணி 1,500. மொத்தம் 5,600 ரூபாய். மாசம் 500 தனியா எடுத்து வெச்சிடுறோம்.