தேக்கு வளையம் நெருங்கியிருக்கிறது: வறட்சியா, நெருக்கடியா?

*ஐயா, வணக்கம். கெடா, பாடாங் செராய் பக்கம் ஒரு ஏக்கரில் 1999 கடைசியில் எட்டடிக்கு எட்டடி தேக்கு நட்டோம். 2024 டிசம்பரில் காற்றில் சாய்ந்த ஒரு மரத்தை வெட்டிப் படம் அனுப்பியிருக்கிறேன். 29 வளையம் எண்ணினேன். வயது 25தானே? நடுவிலிருந்து பட்டை வரை 13 செ.மீ.; கடைசிப் பத்து வளையத்துக்கு 2 செ.மீ.தான். 2016 வறட்சியில் மரம் சோர்ந்துவிட்டது, மரத்துக்கு 3 கிலோ உரம் வை என்கிறார் கடைக்காரர். வைக்கலாமா?*

உரம் வாங்காதீர்கள். காரணத்தை அந்த வளையங்களே சொல்கின்றன.

முதலில் வயது. தேக்கு இலை உதிர்த்துத் திரும்பத் துளிர்க்கும்போது பெரிய துளைகளை ஒரே வரிசையாக இடுகிறது. அந்த வரிசைதான் ஆண்டுக் கோடு. உங்கள் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவதால்தான் இது தெரிகிறது. பக்கத்திலிருக்கும் ரப்பரில் இப்படி நம்பி எண்ண முடியாது. செம்பனையிலும் தென்னையிலும் வளையமே கிடையாது. ஆனால் ஆண்டு நடுவில் சில வாரம் காய்ந்தாலோ, புழு இலையை மொட்டையடித்தாலோ மரம் நின்று மறுபடி வளரும். அப்போது ஒரு பொய் வளையம் விழும். இளமரத்தில் இது அதிகம். உங்கள் 29இல் வெளிப் பத்தைக் கழித்தால் உள்ளே 19. இருக்க வேண்டியது 15. கூடுதல் நாலும் நடுப்பகுதியில்தான் இருக்கும். நட்ட தேதி கையில் இருக்கும்போது அதையே நம்புங்கள்.

படத்தில் இருப்பது செயின்சா வெட்டிய முகம். வாள் பல் கீறிய வளைவுகளும் வளையம் போலவே தெரியும். இரண்டு அங்குல வில்லை அறுத்து, நிழலில் காயவிட்டு, 80, 120, 240 என்று வரிசையாக உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். ஈரத்துணியால் துடைத்துப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். ஆண்டுக் கோட்டில் துளைகள் சட்டென்று பெரிதாகும், கோடு முழுச் சுற்றும் வரும். பொய்க்கோடு இரு பக்கமும் மங்கி, பாதி வழியில் மறைந்துவிடும்.

இனி வறட்சி. பட்டையிலிருந்து உள்நோக்கி 2024 முதலாவது, ஒன்பதாவது 2016. அந்த ஆண்டு எல் நினோவால் வடக்கே காய்ந்தது உண்மை, வளையம் சிறுத்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் வறட்சி பட்ட மரம் மழை வந்ததும் ஓரிரு ஆண்டில் மறுபடி அகலமாக வளையம் போடும். 2017 நவம்பரில் பினாங்கும் தென்கெடாவும் வெள்ளம் பார்த்தன. 2020 முதல் 2022 வரை லா நீனா. அத்தனை தண்ணீருக்குப் பிறகும் உங்கள் வளையம் விரியவில்லை. தண்ணீர் தடையாக இல்லை என்று அர்த்தம்.

வளைய அகலத்தை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். மரம் தடிக்கத் தடிக்க, அதே அளவு மரக்கட்டை பெரிய வட்டத்தில் பரவுவதால் வளையம் மெலியும். பரப்பளவைப் பாருங்கள். முதல் 15 ஆண்டில் 11 செ.மீ. ஆரம்: சுமார் 380 சதுர செ.மீ., ஆண்டுக்கு 25. அடுத்த பத்தில் 11இலிருந்து 13: சுமார் 150, ஆண்டுக்கு 15. அகலத்தில் கால் பங்காய்ச் சுருங்கியது போலத் தெரிவது உண்மையில் ஐந்தில் மூன்று பங்காகத்தான் குறைந்திருக்கிறது. ஆனாலும் இந்த வயதில் பரப்பு கூட வேண்டும், குறைந்திருக்கிறது. ஏக்கருக்கு 680 மரம், தலைகள் முட்டிக்கொண்டு வெயிலுக்குப் போட்டி. மூட்டை உரத்தைக் கொட்டினாலும் அந்த வெயில் கூடாது. விற்பவருக்கு மூட்டை கணக்கு. மேலே அண்ணாந்து பார்க்க அவர் வரப்போவதில்லை.

செய்ய வேண்டியது நெருக்கம் குறையச் சில மரங்களை வெட்டிக் கழிப்பது. பத்தாவது ஆண்டுக்குள்ளேயே தொடங்கியிருக்க வேண்டும். கோணல், கவட்டை, நிழலில் அமுங்கியது என்று பார்த்து இப்போது மூன்றில் ஒரு பங்கு, இரண்டு ஆண்டு கழித்து மீதியில் இன்னொரு பங்கு. ஒரேயடியாகத் திறந்துவிட்டால் காற்று மரத்தைச் சாய்க்கும், தண்டில் நீர்க்கிளை வெடித்துக் கட்டையின் விலை விழும்.

ஒரு எச்சரிக்கை: சாய்ந்தது அமுங்கிய மரமாகவும் இருக்கலாம், அதை வைத்துத் தோப்பையே எடை போடக்கூடாது. வெட்டுவதற்கு முன் தையல் டேப் எடுத்து, இங்கொன்று அங்கொன்றாக இருபது மரத்தில் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் பெயின்ட் கோடு போட்டுச் சுற்றளவு எழுதி வையுங்கள். ஒவ்வொரு ஜனவரியும் அதே கோட்டில் அளவு. மரங்களைக் கழித்த பிறகு வரும் இரண்டாவது ஜனவரியில் ஆண்டு வளர்ச்சி முன்னைவிடக் கூடாமல் நின்றால் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். உரப் பேச்சு அதற்குப் பிறகுதான்.